stETH என்பது வட்டி போடும் ஈத்தர்தானே? இதில் தனியாக என்ன ரிஸ்க்?

தெற்குவாசல் · 5 நவம்பர் 2025, இரவு 9:40

திங்கக்கிழமை டோக்கன் மாத்திக்கற பேலன்சர் தளம் விழுந்ததுல இருந்து ஆளாளுக்கு "லிக்விட் ஸ்டேக்கிங்ல இருந்து வெளிய வாங்க"னு கிளம்பிட்டாங்க. எனக்குப் புரியல. போனது பேலன்சரோட பூல். அதுல கிடந்த wstETH, osETH எல்லாம் திருடு போச்சு, சரி. stETH, wstETH வெளியிடற லிடோ என்ன பண்ணும்? பேங்க் லாக்கர் உடைஞ்சா நகைக்கடைக்காரனைத் திட்டுவோமா?

என் கட்சி இதுதான். 2021-ல இருந்து stETH வச்சிருக்கேன். என் ஈத்தர் வேலிடேட்டர்ல பூட்டி இருக்கு, stETH-னா தினமும் வாலட்ல எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். ஈத்தர் பத்திரமா இருக்கற வரைக்கும் டோக்கனும் பத்திரம். கான்ட்ராக்ட் ரிஸ்க், கான்ட்ராக்ட் ரிஸ்க்னு சொல்றதெல்லாம் ஆடிட் கம்பெனிக்காரன் பொழப்புக்குச் சொல்றது. மாத்துக் கருத்து இருந்தா வாங்க.

மூன்ஷாட் முருகேசன் · 5 நவம்பர், இரவு 10:05

2022-லயே stETH ஹேக் ஆச்சே ப்ரோ, மறந்துட்டீங்களா? ஜூன் மாசம். 1 ஈத்தர் கணக்கு 0.94-க்கு வந்துச்சு. நான் பயத்துல வித்துட்டு ஓடினேன்.

பிட்டுக்கு மண் · 5 நவம்பர், இரவு 11:20

முருகேசன், அது ஹேக் இல்ல. அன்னிக்கு ஒரு கான்ட்ராக்ட்லயும் ஒரு வரி தப்பா ஓடல. அப்ப ஸ்டேக் பண்ண ஈத்தரை வெளிய எடுக்கவே வழி கிடையாது. அந்த வழி 2023 ஏப்ரல்ல எத்தீரியத்துல வந்துச்சு, லிடோ மே மாசம் திறந்து விட்டாங்க. அதுவரைக்கும் வெளிய போகணும்னா சந்தைல இன்னொருத்தன் வாங்கினாத்தான் உண்டு. செல்சியஸ்ங்கற கிரிப்டோ கடன் கம்பெனி கடை சாத்தின வாரம் எல்லாரும் ஒரே வாசல்ல முட்டினாங்க, விலை இறங்குச்சு. காத்திருந்தவனுக்கு ஒரு வெயி கூடக் குறையல. நீங்க வித்தது 6% தள்ளுபடி.

தெற்குவாசல், உங்களுக்கு நாளைக்கு எழுதறேன். "ஈத்தர் பத்திரமா இருந்தா டோக்கனும் பத்திரம்"ங்கற வரியை மட்டும் அழிச்சுடாதீங்க, அதைத்தான் பிடிக்கப் போறேன்.

மூன்ஷாட் முருகேசன் · 5 நவம்பர், இரவு 11:24

6% தள்ளுபடின்னு இவ்வளவு அழகா யாரும் என்னைத் திட்டினதில்ல.

பிட்டுக்கு மண் · 6 நவம்பர், காலை 7:15

ஆபீஸ் பஸ்ல இருந்து எழுதறேன், எழுத்துப்பிழை பொறுத்துக்கங்க.

உங்க வாலட்ல தெரியற stETH எண்ணிக்கை எங்கயும் எழுதி வைக்கப்படல. கான்ட்ராக்ட்ல உங்க பேருக்கு இருக்கறது பங்கு மட்டும். வாலட் கேக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லுது:

```
balance = shares * totalPooledEther / totalShares
```

சின்ன எண் வச்சுப் பாருங்க. குளத்துல 1,200 ஈத்தர், 1,000 பங்குன்னு வைங்க. ஒரு பங்கு 1.2 ஈத்தர். நீங்க 6 ஈத்தர் போட்டா 5 பங்கு தருவாங்க. வாலட்ல 6 stETH காட்டும். கொஞ்ச நாள் கழிச்சு வேலிடேட்டருங்க சம்பாதிச்சது, லிடோ எடுத்துக்கற 10% போக, ஒரு பங்கை 1.21 ஆக்கிடுச்சு. உங்ககிட்ட அதே 5 பங்குதான், வாலட்ல 6.05. உங்களுக்குன்னு யாரும் 0.05 அனுப்பல. வகுத்தல் மாறிச்சு, அவ்வளவுதான்.

இப்ப பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி மேல இருக்கறதைத் தொகுதின்னும் கீழ இருக்கறதைப் பகுதின்னும் சொல்லுங்க. தொகுதி, அதாவது குளத்துல எவ்வளவு ஈத்தர் இருக்குங்கறது, கான்ட்ராக்டுக்குத் தானாத் தெரியாது. 9 ஆரக்கிள் ஆளுங்க தினம் ஒரு தடவை பாத்துச் சொல்றாங்க, 5 பேர் ஒரே எண் சொன்னா ஏத்துக்கும். பகுதி, அதாவது மொத்தப் பங்கு, யாருக்கு அச்சடிக்கற உரிமை இருக்கோ அவங்க கைல. நீங்களே சொந்தமா 32 ஈத்தர் வச்சு வேலிடேட்டர் ஓட்டினா இந்த ரெண்டு கேள்வியும் கிடையவே கிடையாது. ஈத்தர் ஒரு துளி அசையாம வேலிடேட்டர்ல இருக்கும்போதே தொகுதியோ பகுதியோ கெட்டா உங்க டோக்கன் காலி. அதான் நீங்க கேட்ட தனி ரிஸ்க்.

தெற்குவாசல் · 6 நவம்பர், காலை 10:50

பங்குக் கணக்கு தெரியும்னு நினைச்சேன், தெரியல. ஒப்புக்கறேன். ஆனா நீங்க சொல்றது "கெட்டா"ங்கற பேச்சு. கெட்டிருக்கா? ஈத்தர்/நாணயம் எல்லாம் வேலிடேட்டர்ல சமத்தா இருக்க, டோக்கன் மட்டும் செத்த கதை ஒண்ணு சொல்லுங்க.

கோவைக்காரி · 6 நவம்பர், காலை 11:02

ஆங்கர். aBNBc. 2022 டிசம்பர் 2. என்னோட 3 BNB அதுலதான் இருந்துச்சு. சாயங்காலம் விரிவா எழுதறேன், இப்ப பேட்ச் ரிலீஸ்.

ஆடிட்டர் வீட்டுப் பையன் · 6 நவம்பர், மதியம் 1:30

தலைப்பை விட்டு விலகறேன்னா சொல்லுங்க. தினமும் எண்ணிக்கை ஏறுதுன்னு சொல்றீங்களே, அந்த ஏற்றம் அன்னிக்கு வருமானமா, இல்ல விக்கும்போதா? விக்கும்போது 30%ங்கறது 2022 ஏப்ரல்ல இருந்து தெளிவு. 1% டிடிஎஸ்ஸும் தெளிவு. வருஷத்துக்கு 365 குட்டிக் குட்டி ஏற்றத்தை எந்தக் கட்டத்துல எழுதறது? அப்பா என்னைத் திட்டறார், நான் உங்களைக் கேக்கறேன்.

தெற்குவாசல் · 6 நவம்பர், மதியம் 2:10

தம்பி, நான் wstETH-ல மாத்தி வச்சுட்டேன். அதுல எண்ணிக்கை ஏறாது, ஒவ்வொண்ணோட மதிப்பு ஏறும். வரித்துறைக்கு அது போதுமாங்கறது தெரிஞ்ச ஆடிட்டர்தான் சொல்லணும், அதாவது உங்க அப்பா.

மாத்தினதுக்குக் காரணம் வரி இல்ல, என் முட்டாள்தனம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன ஈட்டுப் பெட்டகத்துல 2.4 stETH போட்டேன். பேர் சொல்ல விரும்பல. அவங்க கான்ட்ராக்ட் போட்ட அன்னிக்கு "இவருக்கு 2.4"னு எழுதி வச்சுக்கிச்சு. ஏழு மாசம் கழிச்சு எடுத்தா அதே 2.4 வந்துச்சு. நடுவுல ஏறினது அவங்க கான்ட்ராக்ட் முகவரியிலயே கிடக்கு, யாராலயும் எடுக்க முடியாது, அவங்களாலயும்தான். திருடு இல்ல, ஏமாத்து இல்ல. ஏறுற டோக்கனை ஏறாத டோக்கன்னு நினைச்சு எழுதின ஒரு வரி.

இதை எழுதும்போதே உறைக்குது. "தனியா என்ன ரிஸ்க்"னு கேட்டவன் நான், ஏழு மாச வட்டியை விட்டவனும் நான்.

நைட் ஷிப்ட் · 6 நவம்பர், மாலை 4:45

இந்தப் பிழைக்குத் தம்பி ஒருத்தன் உண்டு. stETH அனுப்பும்போது உள்ள பங்காத்தான் நகரும், ஈத்தர் எண்ணைப் பங்கா மாத்தறப்ப மிச்சம் கீழ விழும். அதனால 1 வெயி, 2 வெயி குறைஞ்சு போய்ச் சேரும். காசா ஒண்ணுமே இல்ல. ஆனா நான் இப்படி எழுதியிருந்தேன்:

```
require(balanceAfter - balanceBefore == amount);
```

டெஸ்ட்ல பாஸ், நிஜத்துல சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில். மூணு ராத்திரி. ஒரு வெயிக்காக.

கோவைக்காரி · 6 நவம்பர், இரவு 8:30

ஆங்கர் கதை. BNB-யை அவங்ககிட்ட ஸ்டேக் பண்ணா aBNBc தருவாங்க. அந்த டோக்கன் கான்ட்ராக்டை மாத்தி எழுதற அதிகாரம் ஒரே ஒரு கீ கைல இருந்துச்சு. அந்தக் கீ திருடன் கைக்குப் போச்சு. அவன் புதுசா ஒரு கோட் ஏத்தினான். அதுல ஒரு ஃபங்ஷன், கூப்பிடறது யார்னு பாக்காமலே அச்சடிக்கும். லட்சம் கோடிக்கணக்குல aBNBc அச்சடிச்சான். லட்சம் ரூபா கோடி ரூபா இல்ல, லட்சம் கோடி டோக்கன்கள், திரும்பத் திரும்ப. பான்கேக்ஸ்வாப் பூல்ல கொட்டினான், இருந்த 50 லட்சம் டாலர் சொச்சத்தை வழிச்சு எடுத்தான். விலை 99 சதவீதத்துக்கு மேல போச்சு.

நான் கவனிச்சது காலைல. 3 BNB மதிப்பு இருந்த இடத்துல ஒரு டீ கூட வாங்க முடியாது. ஆங்கர் போட்ட முதல் அறிவிப்புல என்ன சொன்னாங்க தெரியுமா, ஸ்டேக் பண்ண BNB எல்லாம் பத்திரம்னு. உண்மைதான்! வேலிடேட்டர்ல ஒண்ணும் குறையல. தெற்குவாசல் கேட்ட கதை இதுதான். நிலம் அப்படியே இருக்கு, பத்திரத்தைத்தான் லட்சம் காப்பி எடுத்துட்டான்.

எனக்குப் பணம் திரும்பி வந்துச்சு, அதையும் சொல்லணும். திருட்டுக்கு முன்னாடி யார்கிட்ட எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்து ankrBNB-ன்னு புது டோக்கன் குடுத்தாங்க. ஆனா அது கான்ட்ராக்ட் குடுத்ததில்ல. அவங்க மனசு குடுத்தது.

பிட்டுக்கு மண் · 6 நவம்பர், இரவு 9:55

கோவைக்காரி, அருமை. ரெண்டு சேர்க்கணும்.

ஒண்ணு, கீ எப்படிப் போச்சு. பழைய ஊழியர் ஒருத்தர் அவங்க மென்பொருள் வெளியீட்டுல கள்ள கோட் சொருகி எடுத்தார்னு அந்த மாசமே ஆங்கர் சொன்னாங்க. ஆடிட்ல பாக்கறது ஏற்கனவே எழுதின கோடை. நாளைக்கு யார் எதை ஏத்துவாங்கன்னு ஆடிட் சொல்லாது. நேத்து ராத்திரி ஆடிட் கம்பெனியைத் தெற்குவாசல் கேலி பண்ணினதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்கு.

ரெண்டாவது, எனக்கு இதைவிடப் பெரிய பாடம். திருடனை விட அதிகமா அள்ளினது வேற ஆள். ஹீலியோன்னு ஒரு கடன் தளம், aBNBc-ஐ அடமானமா வாங்கிட்டு HAY-ங்கற டாலர் டோக்கன் தந்துச்சு. சந்தைல aBNBc செத்துப்போச்சு, ஹீலியோவோட விலை ஆரக்கிளுக்குச் சேதி இன்னும் போகல. ஒருத்தர் 10 BNB குடுத்து சுமார் 1,83,000 aBNBc வாங்கினார். அதைப் பழைய விலைல அடமானம் வச்சு 1.6 கோடி HAY எடுத்தார். வித்து 1.55 கோடி டாலரோட நடையைக் கட்டினார். 10 BNB அன்னிக்கு 3,000 டாலர் கூட இல்ல.

டோக்கனை ஊர்ல நாலு இடத்துல அடமானம் வைக்க முடியுதுங்கறதுதான் இதோட கவர்ச்சியே. அடமானம் வாங்கின ஒவ்வொரு கடையும் அந்த ஒரு கீயை நம்பினதாத்தான் அர்த்தம்.

பிட்டுக்கு மண் · 6 நவம்பர், இரவு 10:10

என்னையே திருத்திக்கறேன். காலைல நான் போட்ட வாய்ப்பாடு stETH-க்கு. aBNBc அப்படிப்பட்ட வகை இல்ல, wstETH மாதிரி எண்ணிக்கை நிலையா இருந்து மதிப்பு ஏறுற வகை. அதனால கள்ளத்தனமா அச்சடிச்சதும் கோவைக்காரி வாலட்ல எண்ணிக்கை குறைஞ்சிருக்காது, 3-ங்கற இடத்துல ஏறக்குறைய 3-ஏ இருந்திருக்கும். பகுதி வீங்கறது அங்க விலையில மட்டும் தெரியும். சரிதானே?

கோவைக்காரி · 6 நவம்பர், இரவு 10:22

சரி. அதான் காலை வரைக்கும் தெரியவே இல்ல. எண்ணிக்கை அப்படியே சிரிச்சுட்டு இருந்துச்சு.

தெற்குவாசல் · 7 நவம்பர், காலை 6:30

சரிங்க, கட்சி மாறறேன், பாதி மட்டும். ஒரு கீ வச்ச கடைக்கும் லிடோவுக்கும் வித்தியாசம் இல்லையா? லிடோல ஆரக்கிள் கீ ஒண்ணு இந்த மே மாசம் களவு போச்சு. 9-ல ஒண்ணு. அந்த முகவரில பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு வச்சிருந்த 1.46 ஈத்தர் போச்சு, வேற எதுவும் அசையல. மீதி எட்டு பேர் வேலை பாத்தாங்க, ஓட்டுப் போட்டுக் கீயை மாத்தினாங்க. இது நல்ல சேதிதானே?

பிட்டுக்கு மண் · 7 நவம்பர், காலை 8:05

நல்ல சேதி. தொகுதியைக் காக்கற பூட்டு வேலை செஞ்சதுக்குச் சாட்சி. ஆனா லிடோ தப்பிச்ச இன்னொரு கதையையும் வச்சுக்கங்க, தொகுதி பகுதி ரெண்டுக்கும் அடியில இருக்கற கேள்வி அது: ஈத்தர் நிஜமாவே நம்ம பேர்லதான் கிடக்கா?

எத்தீரியம் டெபாசிட் கான்ட்ராக்ட்ல ஒரு பழக்கம். ஒரு வேலிடேட்டர் கீக்கு முதல் தடவை பணம் போடறவன் எந்த முகவரியை எழுதறானோ, பின்னாடி காசு அங்கதான் திரும்பும். அடுத்தடுத்துப் போடறதெல்லாம் அதே கணக்குல கூடிக்கும், முகவரி மாறாது. குறைஞ்சபட்சம் 1 ஈத்தர் போட்டாப் போதும். இப்ப லிடோ 32 ஈத்தர் அனுப்பப் போகுதுன்னு தெரிஞ்ச ஒரு ஆபரேட்டர், அதுக்கு ஒரு நொடி முன்னாடி தன் கீக்குத் தானே 1 ஈத்தர் போட்டு, திரும்பற முகவரியாத் தன் முகவரியை எழுதிட்டா? பின்னாடி வர்ற 32-ம் அவன் பேர்ல. குளத்துக் கணக்குல 32 இருக்கும். குளத்துல இருக்காது.

இதை ஸ்டேக்வைஸ் நிறுவனர் 2021 அக்டோபர்ல கண்டுபிடிச்சுச் சொன்னார். போட்டிக் கம்பெனிக்காரர்! ராக்கெட் பூல் தொடங்க இருந்ததையே தள்ளி வச்சாங்க. லிடோவும் அவங்களும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் சன்மானம் குடுத்தாங்க. யார் பணமும் போகல. அப்புறம் லிடோ ஒரு குழுவை வச்சாங்க, "முந்தி யாரும் துண்டு போடல"ன்னு அவங்க கையெழுத்து வந்தாத்தான் பணம் நகரும்.

நீங்க 2021-ல இருந்து வச்சிருக்கேன்னு சொன்னீங்க. அந்த அக்டோபர்லயும் தினம் தினம் எண்ணிக்கை ஏறிட்டுத்தான் இருந்திருக்கும்.

தெற்குவாசல் · 7 நவம்பர், காலை 8:40

துண்டு போட்டு சீட்டு பிடிக்கற வித்தையை எத்தீரியம் வரைக்கும் கொண்டு போயிருக்காங்க.

அந்த மாசம் நான் இன்னும் 1 ஈத்தர் சேர்த்துப் போட்டேன்.

நைட் ஷிப்ட் · 7 நவம்பர், பகல் 12:15

இதையெல்லாம் எங்க பாக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, ஈத்தர்ஸ்கேன்ல டோக்கன் முகவரியைத் திறந்து Contract தாவலுக்குப் போங்க. Read as Proxy-ன்னு ஒண்ணு இருந்தா பெரும்பாலும் உள்ள இருக்கற கோடை மாத்த முடியும்னு அர்த்தம். மாத்தறது யார்னு owner, admin பக்கம் தேடுங்க. அந்த முகவரியைத் தட்டினா கோடே இல்லாத சாதா வாலட் வந்துச்சுன்னா ஒரே ஆள் கீ, ஆங்கர் கதை. பல கையெழுத்து கான்ட்ராக்டா, நடுவுல இத்தனை நாள் காத்திருக்கணும்னு பூட்டு இருக்கா, அது கொஞ்சம் தேவலை. பேர்ல நம்பிக்கை வைக்காதீங்க, multisig-னு பேர் வச்சு மூணு கீயையும் ஒரே லேப்டாப்புல வச்ச மகராசன்கள் உண்டு.

மூன்ஷாட் முருகேசன் · 7 நவம்பர், மதியம் 1:00

அப்ப யாரும் மாத்தவே முடியாத கான்ட்ராக்ட்தான் பெஸ்ட். முடிஞ்சுது கதை.

கோவைக்காரி · 7 நவம்பர், மதியம் 1:40

முடியல. இந்தத் திங்கக்கிழமையையே எடுத்துக்கங்க. பேலன்சர் திருட்டுல முதல் வீச்சுலயே 6,851 osETH போச்சு. அதுல 5,041-ஐ, osETH-ஐ வெளியிடற ஸ்டேக்வைஸ்காரங்க திருடன் முகவரியில இருந்தே பிடுங்கிட்டாங்க. அவசர அதிகாரம் வச்சு, திருடன்கிட்ட இருந்ததை அழிச்சு, இந்தப் பக்கம் திரும்ப அச்சடிச்சு. 1.9 கோடி டாலர். மாத்த முடியாத கான்ட்ராக்டா இருந்தா அதுவும் போயிருக்கும். பக்கத்துலயே கிடந்த wstETH போனது போனதுதான், பிடுங்கறதுக்கு லிடோகிட்ட அப்படி ஒரு கை இல்ல.

தெற்குவாசல் · 7 நவம்பர், மதியம் 2:25

இதுதான் என்னைப் படுத்துது. பிட்டுக்கு மண் சொன்ன பகுதியை மாத்தற கைதான் இது. ஆங்கர்ல அந்தக் கை திருடனுது, திட்டினோம். ஸ்டேக்வைஸ்ல அந்தக் கை நல்லவங்களுது, கை தட்டறோம். என் வாலட்ல இருக்கற டோக்கனையும் அதே கையால அழிக்க முடியும்தானே?

கோவைக்காரி · 7 நவம்பர், மதியம் 2:31

முடியும். ஆனா 2022-ல அந்தக் காலைல அப்படி ஒரு கை இருந்திருந்தா நான் கும்பிட்டிருப்பேன். பணம் போனவகிட்ட கேட்டா பதில் வேற.

பிட்டுக்கு மண் · 7 நவம்பர், இரவு 9:30

இதுல நானும் ரெண்டு மனசு. லிடோ இந்த வருஷம் நடுவுல எடுத்த வழி வேற: கோடை மாத்தறது லிடோவோட ஓட்டு டோக்கனான LDO வச்சிருக்கறவங்க ஓட்டு, ஆனா stETH வச்சிருக்கறவங்க பிடிக்கலன்னா தங்கள் டோக்கனைப் பூட்டி எதிர்ப்புக் காட்டலாம். மொத்த stETH-ல 1% சேர்ந்தா மாற்றம் தள்ளிப்போகும். 10% சேர்ந்தா, அவங்க ஈத்தரை எடுத்துட்டு வெளிய போற வரைக்கும் மாற்றம் நிக்கும். பிடுங்கற கைக்குப் பதிலா ஓடற காலுக்கு நேரம் குடுக்கறாங்க. திருடனைப் பிடிக்க இது உதவாது, ஆங்கர் மாதிரி ஒரு ராத்திரியில முடியற கதைக்கு உதவும், அதுவும் ஓட்டு வழியா வர்ற மாற்றத்துக்கு மட்டும். கோட்லயே ஓட்டை இருந்தா ஓட்டு எதுக்கு, நேரா உள்ள வருவான்.

ஆடிட்டர் வீட்டுப் பையன் · 8 நவம்பர், காலை 9:00

அப்பாகிட்ட கேட்டேன். "உள்ளதை அழிச்சு அச்சடிச்சுத் திருப்பித் தந்தா அது புதுசா வாங்கினதா, பழசா?"ன்னு திருப்பி என்னைக் கேக்கறார்.

தெற்குவாசல் · 8 நவம்பர், இரவு 10:15

நைட் ஷிப்ட் சொன்ன மாதிரி உக்காந்து பாத்தேன். என்கிட்ட இருக்கறது மூணு இடத்துல. பெரும்பங்கு wstETH வாலட்லயே, அது அப்படியே இருக்கும். கொஞ்சம் ஒரு கடன் தளத்துல அடமானமா. அதை இன்னிக்கே அடைச்சு எடுத்துட்டேன், ஹீலியோ கதை படிச்சதுக்கப்புறம் தூக்கம் வரல. மூணாவது, வட்டி அரை சதவீதம் கூடன்னு போன வருஷம் வாங்கின ஒரு சின்னக் கம்பெனி டோக்கன். அதோட admin முகவரியைத் தட்டினேன். கோட் இல்ல. சாதா வாலட். கடைசியா நாலு நாள் முன்னாடி யாருக்கோ 0.2 ஈத்தர் அனுப்பியிருக்கு, அதே வாலட்ல இருந்து.

வெளிய எடுக்க விண்ணப்பம் போட்டாச்சு. வரிசைல நிக்கறேன், எத்தனை நாள்னு சரியாக் காட்டல.